மேல் படிக்குப் போன யூனிற்றுக்கு ஆர் காசு கட்டுறது?

"திருநெல்வேலியில கம்பஸுக்குக் கிட்ட நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்து இருக்கிறம். நாலு ரூமுக்கும் சப் மீற்றர் இருக்கு. போன மாசம் ஒராள் ஏசி பூட்டினவர், கரண்ட் பில் ஒரேயடியா ஏறிட்டுது. அவர் 'என்ரை யூனிற் எத்தினையோ அந்த வீதத்துக்கு நான் கட்டுறன்' எண்டுறார். மற்ற ரெண்டு பேரும் 'உன்னாலதான் மேல் ரேற்றுக்குப் போனது, கூடினது முழுக்க நீதான் கட்டவேணும்' எண்டு நிக்கினம். எது சரி? எக்செலில போட ஒரு ஃபோர்முலா இருந்தாச் சொல்லுங்கோ."

ரெண்டு பக்கத்துக் கணக்குக்கும் நடுவில மூண்டாவதா ஒரு கணக்கு இருக்கு, உங்கட வீட்டுக்கு அதுதான் பொருந்தும் எண்டது என்ரை முடிவு. நான் செலவுக் கணக்கியல் படிச்சு அதிலயே கனகாலமா வேலை செய்யிற ஆள், ஒரு பொதுச் செலவைப் பல பேருக்குப் பிரிக்கிறதுதான் என்ரை தொழிலில பாதி. அதால முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். கூட்டல் கழித்தல் பகுதியில சந்தேகமே இல்லை, அதை நீங்களே போட்டுப் பாக்கலாம். எது நியாயம் எண்டது நாலு பேரும் இருந்து ஒத்துக்கொள்ளவேண்டிய விசயம், அதுக்கு என்ரை பக்கக் காரணத்தை மட்டும்தான் நான் சொல்லலாம். சப் மீற்றர் காட்டுற எண் எவ்வளவு சரி எண்டது மூண்டாவது, அதைக் கடைசியில சொல்லுறன்.

முதல் பில் எப்பிடி வருது எண்டதைப் பாப்பம். கட்டணம் அடிக்கடி மாறுறதால நான் இதில 2024 யூலை மாசம் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுக்கிறன், எண்கள் முழுசா இருக்கிறதால விளங்கச் சுகம், நீங்கள் உங்கட பில்லுக்குரிய அட்டவணையைப் போடுங்கோ. அந்தக் கட்டணத்தில ஒரு மாசத்துக்கு 60 யூனிற்றுக்கு மேல போற வீட்டுக்கு முதல் 60 யூனிற்றும் 15 ரூபா, அடுத்த 30 யூனிற் 18 ரூபா, அதுக்கடுத்த 30 யூனிற் 30 ரூபா, 121 இல இருந்து 180 வரைக்கும் 42 ரூபா, 180 தாண்டினால் ஒவ்வொரு யூனிற்றும் 65 ரூபா. இதுக்கு மேல நிலையான கட்டணம் எண்டு ஒண்டு இருக்கு, பேர்தான் நிலையானது, அதுவும் படி ஏற ஏற மாறும்: 90 யூனிற் வரைக்கும் 400, 120 வரைக்கும் 1000, 180 வரைக்கும் 1500, அதுக்கு மேல 2000. 60க்குள்ள நிக்கிற வீட்டுக்கு இதைவிடக் குறைஞ்ச வேற அட்டவணை, முதல் 30 யூனிற் 6 ரூபா, அடுத்த 30 யூனிற் 9 ரூபா, 30 தாண்டினால் நிலையான கட்டணம் 250. அதால 60 யூனிற்றில நிண்ட பில் 700 ரூபா, 61 ஆகினால் 1318 ரூபா. ஒரு யூனிற்றுக்கு 618 ரூபா! நாலு பேர் இருக்கிற வீடு 60க்குள்ள நிக்கிறது கஷ்டம், அதால அந்த அட்டவணையை விட்டிட்டு மற்றதையே எடுப்பம்.

உங்கட வீட்டு எண்கள் எனக்குத் தெரியாது, அதால ஒரு வீட்டை நானே வைச்சுக்கொள்ளுறன். மெயின் மீற்றரில 30 நாளைக்கு 200 யூனிற். சப் மீற்றர்களில முதலாம் ரூம் 12, ரெண்டாம் ரூம் 18, மூண்டாம் ரூம் 24, ஏசி இருக்கிற ரூம் 98. நாலையும் கூட்டினால் 152. மிச்சம் 48 யூனிற் எந்த ரூமிலயும் இல்லை, அது பிரிஜ், தண்ணி மோட்டர், குசினி, விறாந்தை லைற், வைஃபை எல்லாம் சேர்ந்தது. இதை நாலாப் பிரிச்சு ஆளுக்கு 12 போட்டுவிடுங்கோ. அப்ப ஆளாளுக்குரிய யூனிற் 24, 30, 36, 110. பில் வரிக்கு முதல் 8160 ரூபா.

ஏசிக்காரர் சொல்லுற கணக்கு இதுதான்: 8160 ஐ 200 ஆல பிரிச்சால் யூனிற்றுக்கு 40 ரூபா 80 சதம், அதை ஆளாளின்ரை யூனிற்றால பெருக்கிறது. முதலாம் ரூமுக்கு 979, ரெண்டாம் ரூமுக்கு 1224, மூண்டாம் ரூமுக்கு 1469, அவருக்கு 4488. பாக்க நியாயமாத்தான் தெரியும், கனபேர் இப்பிடித்தான் பிரிக்கினம். ஆனா படிக் கட்டணத்தில இந்தச் சராசரி எண்ட ஒண்டுக்குள்ளதான் பிரச்சினை ஒளிஞ்சு இருக்கு. அடுத்த மாசம் வெக்கை கூடி அவர் இன்னும் 40 யூனிற் எரிச்சால் மொத்தம் 240, பில் 10760, சராசரி 44 ரூபா 83 சதத்துக்கு ஏறும். ஃபானும் ஃபோன் சார்ஜரும் மட்டும் வைச்சிருக்கிற முதலாம் ரூம்காரருக்கு 979 எண்டு இருந்தது 1076 ஆகும். அவர் ஒரு யூனிற் கூடப் பாவிக்கேல்லை, ஆனா அவற்றை காசு கிட்டத்தட்ட நூறு ரூபா ஏறிட்டுது. உங்கட வீட்டில இப்ப வாற சண்டையின்ரை வேர் இதுதான்.

மற்ற ரெண்டு பேரும் சொல்லுற கணக்கு: ஏசி ரூமின்ரை 98 யூனிற்றும் இல்லாட்டி வீடு 102 யூனிற்றில நிண்டிருக்கும், பில் 2800, இப்ப 8160, வித்தியாசம் 5360, அதை அவர் கட்டட்டும், பொதுவில அவற்றை 12 யூனிற்றுக்குரியதையும் சேர்த்து 5689. இதில என்ன பிழை எண்டால், அவரை ஏன் கடைசி ஆளாக் கணக்கில எடுக்கிறியள்? அவரும் அதே வீட்டுக்கு வாடகை கட்டுற ஆள், அந்த 15 ரூபா விலை 60 யூனிற்றில அவருக்கும் ஒரு பங்கு இருக்கவேணும். இப்பிடிப் பிரிச்சால் மலிஞ்ச யூனிற் கிட்டத்தட்ட முழுக்க மற்ற மூண்டு பேருக்கும், விலை கூடின யூனிற் முழுக்க அவருக்கு. நாளைக்கு இன்னொராள் ரைஸ் குக்கரை ரூமுக்குள்ள கொண்டுபோய் வைச்சால், அப்ப ஆர் கடைசி ஆள் எண்டு திரும்பவும் சண்டை வரும்.

மூண்டாவது கணக்கை 1992 இல ஏர்வே மூலான், ஸ்கொட் ஷெங்கர் எண்ட ரெண்டு பேர் ஒரு கட்டுரையில விரிவா எழுதினவை, சீரியல் கொஸ்ற் ஷெயாரிங் எண்டு சொல்லுவினம். பேரை விடுங்கோ, செய்யிற விதம் மாடிப்படி ஏறுற மாதிரித்தான். எல்லாரும் ஒண்டா ஏறத் தொடங்கினம், ஆளாள் தன்ரை தன்ரை யூனிற் முடிஞ்ச இடத்தில நிண்டுகொள்ளுறார், எந்தப் படிக்கு எத்தினை பேர் சேர்ந்து ஏறினமோ அந்தப் படியின்ரை செலவு அத்தினை பேருக்கும் சமன்.

எண்ணில பாருங்கோ. ஆகக் குறையப் பாவிச்சவர் 24 யூனிற். நாலு பேரும் அவரைப் போல 24 தான் பாவிச்சினம் எண்டு வைச்சால் வீட்டுக்கு 96 யூனிற், பில் 2620. அதை நாலாப் பிரிச்சால் ஆளுக்கு 655. முதலாம் ரூம்காரற்றை கணக்கு இதோட முடிஞ்சுது, அவர் 655 கட்டினால் போதும். இனி மிச்ச மூண்டு பேரும் 30 யூனிற்றுக்கு ஏறினம், முதலாமவர் 24 இலயே நிக்கிறார், வீட்டுக்கு 114 யூனிற், பில் 3160. கூடினது 540, மூண்டு பேருக்கும் 180 படி, அப்ப ரெண்டாம் ரூம் 655 ஓட 180, 835. பிறகு ரெண்டு பேர் 36 க்கு ஏறினம், வீட்டுக்கு 126 யூனிற், பில் 4092, கூடினது 932, ஆளுக்கு 466, மூண்டாம் ரூம் 1301. கடைசியா ஏசிக்காரர் தனிய 110 க்கு ஏறுறார், பில் 4092 இல இருந்து 8160 ஆகுது, அந்த 4068 உம் அவருக்கு, மொத்தம் 5369. நாலையும் கூட்டிப் பாருங்கோ, 8160 சரியா வரும்.

இப்ப இதில நான் விரும்புற விசயம் என்னெண்டால், அவர் அடுத்த மாசம் 40 யூனிற் கூட எரிச்சாலும் முதலாம் ரூமுக்கு 655 தான், ரெண்டாம் ரூமுக்கு 835 தான், மூண்டாம் ரூமுக்கு 1301 தான், கூடின 2600 ரூபாவும் முழுக்க அவற்றை தலையில. உங்களைவிடக் கூடப் பாவிக்கிற ஆள் எவ்வளவு கூட்டினாலும் உங்கட பங்கு அசையாது. அதே நேரம் அவருக்கும் மலிஞ்ச படிகளில சமபங்கு கிடைச்சிருக்கு, அதாலதான் 5689 இல இருந்து 5369 க்கு இறங்கினது. ரெண்டு பக்கத்துக்கும் சொல்லக்கூடிய ஒரு நேரான காரணம் இருக்கு. நிலையான கட்டணத்தை விட்டிட்டு யூனிற் காசை மட்டும் பாத்தால், எல்லாரும் உங்களைப் போலவே பாவிச்சிருந்தால் உங்களுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அதுக்கு மேல நீங்கள் ஒருநாளும் கட்டமாட்டியள். இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கோ, ஏசிக்காரர் கூட அதிகம் மறுக்கமாட்டார்.

எக்செல், கூகிள் ஷீற் ரெண்டிலயும் வேலை செய்யிற மாதிரித் தாறன். முதல் கட்டண அட்டவணையை H, I, J நிரல்களில போடுங்கோ. H இல படி தொடங்கிற யூனிற், I இல முந்தின படியைவிட விலை எவ்வளவு கூடுது எண்டது, J இல நிலையான கட்டணம் எவ்வளவு கூடுது எண்டது. விலையை அப்பிடியே போடக்கூடாது, கூடின வித்தியாசத்தைத்தான் போடவேணும், 15 க்குப் பிறகு 18 எண்டால் 3.

```
       H    I    J
2      0   15  400
3     60    3    0
4     90   12  600
5    120   12  500
6    180   23  500
```

பிறகு A2 இல இருந்து A5 வரைக்கும் பேர், B2 இல இருந்து B5 வரைக்கும் ஆளாளின்ரை யூனிற், பொதுப் பங்கையும் சேர்த்து, ஆகக் குறைஞ்சதில இருந்து கூடினதுக்கு அடுக்கி. இந்த மூண்டு ஃபோர்முலாவையும் 2 ஆம் வரியில போட்டு 5 ஆம் வரி மட்டும் இழுத்துவிடுங்கோ.

```
C2: =SUM(B$2:B2)+B2*(ROWS(B2:B$5)-1)
D2: =SUMPRODUCT((C2>H$2:H$6)*((C2-H$2:H$6)*I$2:I$6+J$2:J$6))
E2: =N(E1)+(D2-N(D1))/ROWS(B2:B$5)
```

C இல வாறது அந்தப் படியில வீட்டுக்கு மொத்தம் எத்தினை யூனிற் எண்டது, மேல சொன்ன 96, 114, 126, 200. D இல அந்த யூனிற்றுக்கு வாற பில், E இல ஆளாளின்ரை பங்கு. N எண்டதை ஏன் போட்டிருக்கெண்டால் முதலாம் வரியில தலைப்பு எழுத்து இருக்கும், அதை 0 ஆ எடுக்கச் சொல்லுறதுக்கு. D5 இல வாற எண் உங்கட பில்லில வரிக்கு முதல் இருக்கிற தொகையோட பொருந்தவேணும், பொருந்தாட்டி அட்டவணையில எங்கயோ பிழை, பங்கு பிரிக்க முதல் அதைத் திருத்துங்கோ. வரியோட சேர்த்து இந்த மாசத் தொகையை L1 இல போட்டு, F நிரலில கடைசிப் பங்கை எடுக்கலாம். முந்தின மாச நிலுவை ஏதும் பில்லில இருந்தால் அதை L1 இல சேர்க்கவேண்டாம், அது போன மாசக் கணக்குப்படி போகவேணும்.

```
F2: =E2*$L$1/$D$5
```

கனபேர் தடுக்கி விழுற இடம் நாள் எண்ணிக்கை. மீற்றர் பாக்கிறவர் சரியா 30 நாளைக்கு ஒருக்கா வாறதில்லை, 27 நாளிலயும் வருவார், 33 நாளிலயும் வருவார். பில் போடேக்க அந்தப் படிகளையும் நாளுக்கு ஏத்த மாதிரிக் கூட்டிக் குறைச்சுத்தான் போடுறவை. 33 நாள் எண்டால் 60 யூனிற் படி 66 ஆகும், 180 எண்டது 198 ஆகும். அப்ப அதே 200 யூனிற்றில 65 ரூபா விலைக்குப் போறது 20 யூனிற் இல்லை, வெறும் 2 யூனிற். இதை விட்டிட்டால் D5 பில்லோட ஒருநாளும் ஒத்துவராது. அதுக்கு L2 இல நாளைப் போட்டு H நிரலை இப்பிடி எழுதுங்கோ, மற்றப் படிகளுக்கும் இதே மாதிரி:

```
H3: =60*$L$2/30
```

இந்த முறையிலயும் ஒரு குறை இருக்கு, அதை மறைக்கக்கூடாது. மேல மூண்டாம் ரூம்காரர் ரெண்டாம் ரூம்காரரைவிட 6 யூனிற்தான் கூட, ஆனா 466 ரூபா கூடக் கட்டுறார். ஏனெண்டால் அவை ரெண்டு பேரும் ஏறேக்க வீட்டுக் கணக்கு 120 ஐத் தாண்டுது, நிலையான கட்டணம் 1000 இல இருந்து 1500 க்குப் பாயுது, அந்த 500 இல அரைவாசி இவற்றை தலையில விழுது. அவர் மூண்டு யூனிற் குறைச்சு எரிச்சிருந்தால் அந்தப் பாய்ச்சல் முழுக்க ஏசிக்காரருக்குப் போயிருக்கும். மூண்டு யூனிற் வித்தியாசத்தில 250 ரூபா ஆளுக்காள் மாறுறது எனக்கும் பிடிக்கேல்லை, அதுவும் அந்த மூண்டு யூனிற் சப் மீற்றர் பிழையாக்கூட இருக்கலாம். இதுக்கு நான் செய்யிற வழி, J நிரலை முழுக்க 0 ஆக்கிப்போட்டு யூனிற் காசை மட்டும் இந்தப் படிமுறையில பிரிக்கிறது, நிலையான கட்டணத்தைப் பாவிச்ச யூனிற் வீதத்தில தனியாப் பிரிக்கிறது. அப்பிடிச் செய்தால் 645, 885, 1161, 5469 எண்டு வரும். அப்ப D5 இல நிலையான கட்டணம் இல்லாத 6160 தான் நிக்கும், பில்லில உள்ள யூனிற் காசோட ஒப்பிடுங்கோ. வரியைச் சேர்க்கேக்கயும் F இல E யும் D5 உம் இருக்கிற இடத்தில ரெண்டு பங்கையும் கூட்டின தொகையளைப் போடவேணும். பாய்ச்சல் இல்லை, எல்லாருக்கும் விளங்கும், உங்கட வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவன்.

ஆகக் குறையப் பாவிக்கிறவற்றை யூனிற்றை நாலால பெருக்கினால் 60 க்குள்ள வருது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, உதாரணத்துக்கு அவர் மாசம் முழுக்க ஊரில நிண்டவர். அப்ப அவர் 6 ரூபா, 9 ரூபா அட்டவணையைக் கேப்பார். என்ரை கருத்து, வீடு 60 ஐத் தாண்டின மாசத்தில அந்தச் சலுகை அந்த வீட்டில ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை, அதால எல்லாருக்கும் ஒரே அட்டவணை. அவர் மறுத்தால் அதிலயும் நியாயம் இருக்கு, இதைக் கதைச்சுத்தான் முடிக்கவேணும்.

சப் மீற்றர் விசயத்தில முக்கியம் வாசிக்கிற நாள். மெயின் மீற்றர் பாத்து பில் தந்த அதே நாள் நாலு சப் மீற்றரையும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குறூப்பில போடுங்கோ. ரெண்டு நாள் பிந்தினால் ஏசி ரூமில மட்டும் ஆறேழு யூனிற் ஓடியிருக்கும், பொதுவில நாலு பேருக்கும் விழவேண்டிய எண் குறைஞ்சு போகும். பொது யூனிற்றை மாசா மாசம் எழுதி வையுங்கோ, 48 எண்டு நிண்டது திடீரெண்டு 75 ஆகினால் ஒண்டில் தண்ணி மோட்டர் ஓயாமல் ஓடுது, இல்லாட்டி ஒரு சப் மீற்றர் ஒழுங்கா ஓடேல்லை. சப் மீற்றரில சந்தேகம் எண்டால் ஒரு இரவு ஏசியைப் போட்டும் அடுத்த இரவு போடாமலும் மெயின் மீற்றரைப் படுக்க முதலும் எழும்பினதும் பாருங்கோ, அந்த வித்தியாசம்தான் ஏசி தின்னுறது. பெட்டியில எழுதியிருக்கிற வாட்ஸை மணித்தியாலத்தால பெருக்கிற கணக்கை ஏசிக்கு நம்பவேண்டாம், கொம்பிரஸர் நிண்டு நிண்டு ஓடுறதால அது கூடத்தான் காட்டும்.

கடைசியா, B நிரலைக் குறைஞ்சதில இருந்து அடுக்காமல் விட்டால் எக்செல் ஒரு பிழையும் காட்டாது. E நிரலைக் கூட்டினாலும் 8160 சரியாவே வரும், ஆனா பங்குகள் முழுக்கப் பிழையா இருக்கும். அதால மொத்தம் சரி எண்டு பாத்திட்டு விடாதேங்கோ, E நிரலில மேல இருந்து கீழ எண்கள் ஏறிக்கொண்டே போகுதோ எண்டு பாருங்கோ, எங்கயாவது இறங்கினால் அடுக்கு மாறிப்போச்சு.